சாவியில் தொங்கும் கூலி

அந்தத் தையல்கடைக்குள் இரண்டு தொழில் நடந்தது. உள்ளே நுழைந்ததும் இடது பக்கம் மெஷின், வெட்டுமேசை, மேலே பத்தொன்பது வரியில் ஒரு விலைப் பலகை. அது அக்காவின் ராஜ்யம். வலது பக்கம் ஒரு மடக்கு நாற்காலி, சுவரில் இரண்டு வரிசையாக ஆணிகள், ஆணிக்கு ஆணி சாவிகள். அது தங்கையின் ஆபீஸ். அவள் வீட்டுத் தரகர். தனி ஆள். பின்னால் கம்பெனியும் இல்லை, முன்னால் கண்ணாடிக் கதவும் இல்லை. பத்துத் தெருவுக்குள் நடந்தே போகிற தூரத்தில்தான் அவள் வேலை. தெருவில் எல்லோரும் அவளைச் 'சாவி' என்றுதான் கூப்பிட்டார்கள். இடுப்பில் கொத்தாகக் குலுங்க நடந்தால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

அக்கா படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் கணக்கில் பிசிறு கிடையாது. கால் அங்குலம் தவறினாலும் வாடிக்கையாளர் கண்ணில் படுவதற்குள் பிரித்துத் தைத்துவிடுவாள். ஓரம் மடிக்க எவ்வளவு, ஜிப் மாற்ற எவ்வளவு, அவசரம் என்றால் எவ்வளவு கூடும் என்று எல்லாம் பலகையில் இருந்தது. அதனால் அவள் கடையில் பேரம் என்ற சத்தமே எழுந்ததில்லை. யாராவது வாயைத் திறந்தால் ஊசியை வாயில் கவ்வியபடியே பலகையைக் கையால் காட்டுவாள். அத்தோடு முடிந்தது.

தங்கை அப்படியில்லை. அவளுக்கு வாய்தான் முதல்.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்தது தண்ணீர்க் கேன் வழியாக. கேன் கடையில் போன் எடுக்கிற வேலையில் ஆறு வருஷம் இருந்தாள். வீடு காலி செய்கிறவர்கள் சாமான் கட்டுவதற்கு முன்னால் கேனைத் திருப்பிக் கொடுத்து முன்பணத்தை வாங்கப் போன் செய்வார்கள். ஆக, எந்த வீடு காலியாகிறது என்பது வீட்டுக்காரருக்குத் தெரிகிற அதே நாளில் அவளுக்கும் தெரிந்துவிடும். புதிதாகக் கேன் கேட்கிறவர்களோ, "இந்தப் பக்கம் வீடு இருந்தா சொல்லும்மா" என்பார்கள். ஒரு காதில் காலி வீடு, இன்னொரு காதில் வீடு தேடுகிற ஆள். இரண்டையும் சேர்த்துவைக்க அவளுக்கு அரை நிமிஷம் போதும். கடைக்காரர், அவளுக்குக் கேன் அண்ணன், ஒருநாள் சொன்னார்: "நீ கேன் வித்ததவிட வீடு கொடுத்ததுதான் அதிகம். போய் அதையே பாரு. என் போனை விடு."

அக்கா தன் கடையில் வலது சுவரைக் கொடுத்தாள். ஆணிகளையும் அவளே அளந்து அடித்தாள், நாலு விரற்கடை இடைவெளியில்.

தங்கையின் வேலையைப் பற்றி அக்காவுக்கு உள்ளுக்குள் கொள்ளைப் பெருமை. ஒரு வீட்டைக் காட்டப் போனால் அதன் குறையைத்தான் முதலில் சொல்வாள். "ரெண்டாவது ரூம்ல மத்தியானம் வெயில் காயும். சமையல்கட்டுக் குழாய் இறுக்கித் திருப்பணும். இதுக்கு ஒத்துக்கிட்டா மேல படி ஏறலாம்." குறையை முதலிலேயே கேட்டுவிட்டவர்கள் குடி வந்த பிறகு சண்டைக்கு வரமாட்டார்கள். தரகுக்கு வந்த இத்தனை நாளில் ஒரு வீட்டுக்காரரும் அவளிடமிருந்து சாவியைத் திரும்பக் கேட்டதில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவள் வாய் அடைத்துப்போகும். கூலி. ஒப்பந்தம் கையெழுத்தாகி, சாவி கை மாறி, "உங்களுக்கு எவ்வளவும்மா?" என்று கேட்டால் தரையைப் பார்த்துக்கொண்டு, "நீங்களா பாத்துக் குடுங்க" என்பாள்.

பார்த்துத்தான் கொடுத்தார்கள். ஒருவர் ஒரு மாத வாடகையை உறையில் போட்டுக் கொடுத்தார். ஒருவர் சுவர்க் கடிகாரம் கொடுத்தார், அது ஓடவில்லை. ஒருவர் அவள் கையைப் பிடித்து, "நீ நல்லா இருக்கணும்" என்று மனதார வாழ்த்திவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகு கொஞ்சம் தேறினாள். ஆளைப் பார்த்துக் கேட்கப் பழகினாள். கேட்ட தொகையைக் கேள்வி கேட்காமல் கொடுக்கிறவர்களிடம் ஒரு மாத வாடகை. முகத்தைச் சுளித்தால் முக்கால். சண்டை பிடித்தால் பாதி. வீட்டுக்காரர்களிடமும் இதே கதைதான்.

"எப்படிடி ஆளை எடை போடுற?" என்று அக்கா ஒருமுறை கேட்டாள்.

"செருப்பைப் பாப்பேன்."

"நான் செருப்பைப் பாத்தா சட்டை தைக்கிறேன்?"

"உனக்குத் துணி இருக்கு, அளவு இருக்கு. நான் தைக்கிறது காத்துலக்கா. காத்துக்கு என்ன ரேட்டு?"

பதில் ஒரு புதன்கிழமை நர்ஸ் வடிவத்தில் வந்தது.

நர்ஸ் தன் சீருடையை வாங்கிப்போக வந்திருந்தாள். இரண்டு மாதத்துக்கு முன்தான் ஹெட்மாஸ்டர் வீட்டின் கீழ்ப்பகுதிக்கு, தங்கை வழியாகவே, குடி வந்தவள். ஹெட்மாஸ்டர் ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகியும் அந்தப் பட்டம் மட்டும் ஓய்வு பெறாத மனிதர். சீருடையை மடித்துப் பையில் வைத்த நர்ஸ் போகாமல் நின்றாள். சத்தம் போடவில்லை. ஊசி போடுவதற்கு முன்னால் நர்சுகள் பேசுகிற அதே இதமான குரல்.

"சாவி, ஒன்னு கேக்கணும். மாடியில இருக்கிறவரும் உங்க மூலமாத்தான் வந்தாராம். அதே ரெண்டு ரூம், அதே பத்தாயிரம் வாடகை. அவர்கிட்ட ஐயாயிரம் வாங்கியிருக்கீங்க. என்கிட்ட பத்து. நான் என்ன பாவம் பண்ணேன்?"

தங்கையின் கை தானாகச் சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டது.

"ஹெட்மாஸ்டரும் உங்களுக்கு அஞ்சு குடுத்தாராம். அது எனக்குத் தெரியவே தெரியாது. வாடகையக் குறைச்சுப் பேசுங்கன்னு உங்களத்தான நம்பிச் சொன்னேன். வாடகை கூடினா உங்க கூலியும் கூடும். அப்ப நீங்க அங்க உக்காந்து யாருக்காகப் பேசினீங்க?"

இதைச் சொல்லிவிட்டு, தையல்கூலியைப் பலகையில் பார்த்து, சரியாக எண்ணி அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

தங்கை மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தாள். "பத்தரை சொன்னார்க்கா ஹெட்மாஸ்டர். ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிப் பத்தாக்கினேன். என் கூலியும்தான் அதுல ஐந்நூறு குறைஞ்சுது. அதப் போய்…"

"குறைச்சது நிஜம். ஆனா அவங்க கேட்டது தப்பில்லையே."

"நீ யார் கட்சி?"

"நான் பலகை கட்சி."

மறுநாள் காலையில், 'எட்டு வீட்டுக்காரர்' என்று அவர்கள் சொல்கிற மனிதரிடமிருந்து போன். அதுதான் விஷயத்தைக் கழுத்துக்குக் கொண்டுவந்தது. அவர் ஹெட்மாஸ்டரின் மைத்துனர். மூன்றாவது தெரு முனையில் எட்டு வீடு கொண்ட புதுக் கட்டடம் கட்டி, அப்போதுதான் வெள்ளை அடித்து முடித்திருந்தார். எட்டுச் சாவியையும் தங்கையிடமே கொடுப்பதாகப் பேச்சு. தங்கை அதற்காக வலது சுவரில் எட்டு ஆணியைக் காலியாக வைத்திருந்தாள். அந்த எட்டும் கிடைத்தால் ஒரு வருஷம் நிம்மதி. கிடைக்காவிட்டால் கேன் அண்ணன் கடையில் மறுபடி போன் எடுக்கப் போகலாமா என்று அவள் யோசிக்க ஆரம்பித்திருந்தாள். மெயின் ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட தரகு ஆபீஸ் வந்ததிலிருந்து மாதத்துக்கு இரண்டு வீடு முடிவதே பெரும்பாடாக இருந்தது.

"ஆளுக்கொரு ரேட்டு வாங்குறீங்கன்னு கேள்விப்பட்டேன்" என்றார் அவர். "எனக்கு அது ஒத்துவராது. உங்க ரேட் என்ன, யார்கிட்ட எவ்வளவு, எப்ப வாங்குவீங்க, எல்லாத்தையும் ஞாயித்துக்கிழமை எழுதிக் கொண்டுவாங்க. பாத்துட்டு சாவி தர்றதா வேணாமான்னு சொல்றேன்."

அன்று சாயங்காலம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இருவரும் வெட்டுமேசையில் உட்கார்ந்தார்கள். அக்கா பழுப்பு நிறப் பேப்பரை விரித்தாள். சட்டை வெட்டுகிற பேப்பர்தான்.

"முதல்ல இதச் சொல்லு. யார்கிட்ட வாங்கணும்? வீட்டுக்காரர்கிட்டயா, குடி வர்றவங்ககிட்டயா?"

"மெயின் ரோட்டு ஆபீஸ் வீட்டுக்காரர்கிட்ட வாங்குறதே இல்ல. குடி வர்றவங்ககிட்ட முழு மாசம். அதனாலதான் வீட்டுக்காரங்க எல்லாம் அங்க ஓடுறாங்க."

"நீ யாருக்கு வேலை செய்யற?"

தங்கை விரல் விட்டு எண்ணினாள். வீட்டுக்காரருக்காகப் படம் எடுக்கிறாள், ஆள் தேடுகிறாள், வருகிறவரின் அடையாளச் சீட்டையும் வேலையையும் விசாரிக்கிறாள், பத்துப் பேருக்குக் கதவைத் திறந்து காட்டுகிறாள். குடி வருகிறவருக்காக அலைந்து வீடு காட்டுகிறாள், குறையைச் சொல்கிறாள், வாடகை பேசுகிறாள், ஒப்பந்தத்தை வரிக்கு வரி படித்துச் சொல்கிறாள்.

"ரெண்டு பக்கமும் ஒரே எடைதான். அப்ப ரெண்டு பேரும் சமமாக் குடுக்கட்டும். அது ரெண்டு பேருக்கும் தெரியட்டும்" என்றாள் அக்கா. பேப்பரின் நடுவில் கோடு கிழித்து இரண்டு பக்கமும் எழுதினாள்.

"சரி, எவ்வளவு? அரை அரை மாச வாடகையா?"

"அப்பவும் நர்ஸம்மா கேட்ட கேள்வி நிக்குதே. வாடகை ஏறினா உனக்கு ஏறும்."

தங்கை பென்சிலைக் கடித்தாள். அக்கா மேசைக்கடியில் கிடந்த இரண்டு சட்டைத்துணியை எடுத்துப் போட்டாள். ஒன்று பளபளவென்று, விலை உயர்ந்தது. மற்றது சாதாரண பருத்தி.

"இது மீட்டர் அந்த விலை, இது இந்த விலை. தையல்கூலி?"

"ஒன்னுதான்."

"ஏன்?"

"வேலை ஒன்னுதானே." சொன்னவள் அப்படியே நிறுத்தினாள். பிறகு பென்சிலை வாயிலிருந்து எடுத்தாள். "ரூம் கணக்குக்கு ரேட்டு வைக்கலாம்ங்கறியா? வாடகை ஏறினாலும் இறங்கினாலும் என் கூலி அசையாது."

"சின்னது, நடு, பெருசு. சட்டை மாதிரி."

"வாடகை ஒவ்வொரு பக்கம் ஒவ்வொரு மாதிரி இருக்குமேக்கா."

"உன் பத்துத் தெருவுக்குள்ள எவ்வளவு வித்தியாசம்?"

தங்கை யோசித்துச் சொன்னாள். ஓர் அறை வீடு ஆறாயிரத்திலிருந்து ஏழு. இரண்டு அறை ஒன்பதிலிருந்து பதினொன்று. மூன்று அறை பதினாலிலிருந்து பதினாறு. ஒவ்வொன்றிலும் அடிமட்ட வாடகையை எடுத்து அதில் பாதி வைத்தால் யாரும் அரை மாதத்துக்கு மேல் கொடுக்கவேண்டி வராது. அக்கா எழுதினாள்: மூவாயிரம், நாலாயிரத்து ஐந்நூறு, ஏழாயிரம். வீட்டுக்காரர் அதே தொகை, குடி வருகிறவர் அதே தொகை.

எழுதியதைத் தங்கை உற்றுப் பார்த்தாள். "நர்ஸம்மா வீட்ல பத்தும் அஞ்சும் பதினஞ்சு வாங்கினேன். இனிமே அந்த மாதிரி வீட்டுக்கு ஒம்பதுதான்."

"குறையுது."

"குறையுதுன்னு சாதாரணமாச் சொல்ற."

"கடிகாரம் குடுத்தாரே, அவர்கிட்டயும் ஒம்பதுல பாதி வந்திருக்கும். வாழ்த்திட்டுக் கதவச் சாத்தினாரே, அவர்கிட்டயும். எல்லாத்தையும் சேத்துக் கூட்டிப் பாரு."

தங்கை கூட்டினாள். ஒரு வருஷத்துக் கணக்கில் குறைந்தது, ஆனால் பயந்த அளவுக்கு இல்லை. எட்டு வீடும் வந்தால் சரியாகிவிடும்.

அத்தோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அக்காவுக்கு எழுதக் கை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை முழுக்க மெஷினை நிறுத்திவைத்துவிட்டு நிபந்தனை எழுதினாள். வீடு பார்க்க வருகிறவர் மழையில் வந்தால் என்ன, பார்த்த வீட்டையே ஒரு மாதம் கழித்து அவருடைய சித்தப்பா வந்து பார்த்தால் என்ன, பால்கனியை அடைத்து அறையாக்கியிருந்தால் அது அறையா பால்கனியா, எதுவும் விட்டுப்போகவில்லை. மொத்தம் இருபத்து மூன்று. கடைசி நிபந்தனை, 'மேலே சொன்னவற்றில் சந்தேகம் இருந்தால் மேலே பார்க்கவும்.'

கேன் அண்ணனிடம் படித்துக் காட்டினார்கள். ஏழாவதில் அவர் தலை தொங்கியது. எட்டாவதில் லேசாகக் குறட்டை வந்தது. எழுப்பியதும், "நல்லா இருக்கும்மா. ஆனா இதப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள பழைய வீட்டுக்காரன் சாமானத் தூக்கி வெளிய போட்டுருவான்" என்றார்.

அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. தங்கை சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வாக்கா, ஒரு சோதனை பண்ணலாம்" என்று பக்கத்துக் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கூட்டிப்போனாள்.

"நான் எங்க வச்சு இதச் சொல்லுவேன்? படி ஏறும்போது. கதவுல சாவி போடுறதுக்கு முன்னாடி. உள்ள போயி வீடு புடிச்சுட்டா அப்புறம் அவங்க காது கேக்காது. ரெண்டு மாடி ஏறுறதுக்குள்ள சொல்லி முடியணும். முடியாதது எல்லாம் வெட்டு."

அக்கா குடி வருகிறவளாக நடித்து முன்னே ஏறினாள். தங்கை பின்னால் சொல்லிக்கொண்டே வந்தாள். முதல் தடவை மொட்டை மாடி வந்தும் பதினோராவது நிபந்தனையில்தான் நின்றது. வெட்டினார்கள். மறுபடி ஏறினார்கள். நாலாவது தடவை அக்காவுக்கு மூச்சு வாங்கியதில், அவளே ஈவிரக்கம் இல்லாமல் சித்தப்பாவை வெட்டி எறிந்தாள். ஆறாவது தடவை இரண்டாம் மாடிக் கதவில் சரியாக வந்து நின்றது.

"வீடு காட்ட காசு கிடையாது. என் கூலி ரூம் கணக்கு, இந்த வீட்டுக்கு நாலாயிரத்து ஐந்நூறு. வீட்டுக்காரரும் அதே தர்றாரு. வாடகை ஏறினாலும் இறங்கினாலும் இது மாறாது. அட்வான்ஸ நேரா அவர் கையில குடுத்து ரசீது வாங்கிக்குங்க. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு சாவி கை மாறுற அன்னைக்குத்தான் எனக்கு. நடுவுல நின்னுபோனா ஒன்னும் வேணாம். அடுத்த வருஷம் ஒப்பந்தத்தப் புதுப்பிச்சா அதுக்கும் வேணாம்."

வீட்டுக்காரருக்கு மட்டும் இரண்டு வரி கூடுதல். குடி வந்தவர் ஆறு மாதத்துக்குள் தானாகக் காலி செய்தால், அடுத்த ஆளைக் கொண்டுவர அவரிடம் கூலி வாங்குவதில்லை. வேறொரு தரகர் ஆளைக் கொண்டுவந்தால் குடி வருகிறவரின் பங்கு அந்தத் தரகருக்கு, வீட்டுக்காரரின் பங்கு மட்டும் இவளுக்கு; யாரும் இரண்டு முறை கொடுக்க வேண்டாம்.

"சொந்தக்காரங்க?" என்று அக்கா மூச்சிரைக்கக் கேட்டாள். "மாமா வீடு தேடிட்டு இருக்காரு. சும்மா முடிச்சுத் தருவேன்னு நெனச்சிட்டு இருப்பாரு."

"மாமா உன்கிட்ட பேன்ட் தைக்கும்போது பலகை என்ன சொல்லுச்சு?"

"முழுக் கூலி."

"அப்ப முடிஞ்சுது."

தங்கைக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. "எழுதி வச்சாலும் அக்கா, ஒருத்தர் முகத்தப் பாத்து நான் மாத்திருவேன். என்னை எனக்குத் தெரியும்."

அக்கா கடைக்கு வந்து வெட்டுத்துணிப் பெட்டியைக் கவிழ்த்தாள். ஓர் அறைக்கு மஞ்சள், இரண்டு அறைக்கு நீலம், மூன்று அறைக்குப் பச்சை. விரல் நீளத்துக்குப் பட்டை வெட்டி, ஓரம் மடித்து, ஒரு முனையில் துளை போட்டுக் காஜா எடுத்தாள். பிறகு கறுப்பு நூலில் மெஷினை மெதுவாக ஓட்டி, ஒரு பக்கம் 'வீட்டுக்காரர் 4500', திருப்பினால் 'குடி வருபவர் 4500' என்று எழுத்தாகவே தைத்தாள். சாவியை அதில் கோத்துக் கொடுத்தாள்.

"இந்தச் சாவிய யார் கையில குடுத்தாலும் ரெண்டு பக்கமும் தெரியும். வீட்டுக்காரர் கையிலயும் இதே, குடி வர்றவங்க கையிலயும் இதே. இப்ப முகத்தப் பாத்து மாத்து பாக்கலாம். பிரிச்சுத்தான் தைக்கணும். பிரிக்க என்கிட்டதான் வரணும்."

தங்கை பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை இடுப்புக் கொத்தில் கோத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை அவள் நர்ஸ் வீட்டுக்குப் போனாள். அக்கா போகச் சொல்லவில்லை. திரும்பி வந்து நடந்ததைச் சொன்னாள். "மாடிக்காரர் சண்டை புடிச்சாரு, நீங்க புடிக்கல. அதான் காரணம், வேற ஒன்னும் இல்ல. தப்பு என்னுதுன்னு சொல்லி ஐயாயிரத்தத் திருப்பிக் குடுத்தேன்."

"என்ன சொன்னாங்க?"

"முதல்லயே சண்டை போட்டிருக்கணும்னு தெரியாமப் போச்சேன்னு சிரிச்சாங்க. அப்புறம் பட்டையத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. ஓரம் நல்லா மடிச்சிருக்குன்னு சொன்னாங்க."

அக்காவுக்கு அந்தக் கடைசி வாக்கியமே போதுமானதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் கூடப் போனாள். ஜன்னலுக்குத் திரை அளக்கிறேன் என்று சாக்குச் சொன்னாள். புதுச் சுண்ணாம்பு வாசனை அடிக்கிற காலி அறையில் எட்டு வீட்டுக்காரர் ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். எட்டுச் சாவியும் மடியில் ஒரு கைக்குட்டையில். தங்கை தாளைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, படியில் பழகியபடி வாயாலும் சொன்னாள். அவர் தாளை முழுதாகப் படித்தார்.

"தெளிவா இருக்கு" என்றார். "ஆனா ஒரு சின்ன திருத்தம். மெயின் ரோட்டு ஆபீஸ் என்கிட்ட ஒரு பைசா கேக்கல. நீங்களும் என் பங்க விட்டுடுங்க. விட்டத குடி வர்றவங்ககிட்ட சேத்து வாங்கிக்குங்க. உங்களுக்கு வர்றது குறையாது. எட்டுச் சாவியும் இப்பவே தர்றேன்."

கைக்குட்டையை அவர் லேசாகக் குலுக்கினார். அக்கா ஜன்னல் ஓரம் டேப்பைப் பிடித்தபடி நின்றாள். எத்தனை அங்குலம் என்று கண் பார்த்தது, மனதில் பதியவில்லை. அந்த எட்டுச் சாவிக்காகத் தங்கை என்னவெல்லாம் கணக்குப் போட்டிருந்தாள் என்று அவளுக்குத் தெரியும். பழைய தங்கையாக இருந்தால் இந்நேரம் 'சரிங்க' சொல்லியிருப்பாள்.

தங்கை இடுப்பிலிருந்து ஒரு நீலப் பட்டையை எடுத்து அவர் கையில் வைத்தாள். "படிங்க."

படித்தார். திருப்பினார். மறுபடி படித்தார்.

"உங்க பங்கையும் அவங்க குடுத்தா அவங்க ஒரு மாச வாடகைய இழக்குறாங்க. அப்புறம் குழாய் ஒழுகுதுன்னா யார்மேல கோவம் வரும்? உங்க மேல. அது மட்டும் இல்ல. உங்ககிட்ட ஒன்னும் வாங்காத ஆபீசுக்கு, உங்க வீடு அடிக்கடி காலியானாத்தான் வரும்படி. ஒருத்தர் போனா இன்னொருத்தர் ஒரு மாசம் குடுப்பாரு. என்கிட்ட ஆறு மாசத்துல காலியானா நான்தான் உங்களுக்குச் சும்மா அலையணும். அதனால நிக்கிற ஆளாப் பாத்துக் கொண்டுவருவேன்."

"திருத்த மாட்டீங்களா?"

"தைச்சாச்சுங்க" என்றாள் தங்கை. "பிரிக்கணும்னா அக்காகிட்டதான் கேக்கணும்."

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "நான் பிரிக்க மாட்டேன்" என்றாள்.

எட்டு வீட்டுக்காரர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. கைக்குட்டையை அவிழ்த்து இரண்டு சாவியை எடுத்துக் கொடுத்தார். "இது உங்களுக்கு. ரெண்டு அந்த ஆபீசுக்கு. மிச்சம் நாலு என்கிட்ட. யார் நல்ல ஆளக் கொண்டுவர்றாங்கன்னு பாப்போம்."

திரும்பி வரும்போது தங்கை, மூன்றாவது தெரு முனை தாண்டியதும், "ரெண்டுதான்க்கா" என்றாள்.

"ஜன்னல் நாப்பத்தெட்டு அங்குலம்னு எழுதிட்டு வந்தேன். முப்பத்தெட்டான்னு இப்ப சந்தேகமா இருக்கு. என் வாழ்க்கையில இப்படி ஆனதில்ல. உன்னாலதான்."

தங்கை நடுத்தெருவில் நின்று சிரித்துவிட்டாள்.

அடுத்த பத்து நாளில் நடந்ததற்குக் காரணம் நர்ஸ். ஆஸ்பத்திரியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் பட்டைக் கதையைச் சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக வீடு தேடிக்கொண்டிருந்தவர்கள் அங்கே மூன்று பேர். கூலி எவ்வளவு என்று படி ஏறும்போதே சொல்லிவிடுகிற தரகர் என்பதே அவர்களுக்குப் புதுமை. முதல் வாரத்தில் லேப்காரப் பெண்ணும் அவள் அம்மாவும் அந்த இரண்டில் ஒரு வீட்டுக்குக் குடி வந்தார்கள். இரண்டாவது வாரத்தில் எக்ஸ்ரே எடுக்கிறவர் குடும்பத்தோடு மற்றதற்கு. இரண்டு ஒப்பந்தத்திலும் கையெழுத்தாகி, சாவி கை மாறியதும், கேட்காமலே இரு தரப்பும் பட்டையைப் பார்த்துக் கொடுத்தார்கள். தங்கை தரையைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

மெயின் ரோட்டு ஆபீஸ் கொண்டுவந்தவர்கள் ஒரு மாத வாடகை என்றதும் இரண்டு வீட்டையும் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல். தங்கை வீடு காட்டப் போயிருந்தாள். அக்கா தனியாக மெஷினில் இருந்தபோது எட்டு வீட்டுக்காரர் கடைக்குள் வந்தார். விலைப் பலகையை ஒருமுறை மேலிருந்து கீழ் வரை படித்தார். வலது சுவரில் தனக்காக ஒதுக்கிய எட்டு ஆணியும் காலியாக இருந்ததை எண்ணினார். கைக்குட்டையைப் பிரித்து வெட்டுமேசையில் வைத்தார். ஆறு சாவி.

"நாலு வீடு ரெண்டு ரூம், ரெண்டு வீடு மூணு ரூம். பட்டை தைச்சு மாட்டிடுங்க."

அக்கா பாதத்தை மிதியிலிருந்து எடுத்தாள். சாவிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, நீலம் நாலு, பச்சை இரண்டு என்று துணியை எண்ணி வைத்தாள். கை கொஞ்சம் அவசரப்பட்டது; அதட்டி நிறுத்தினாள்.

"பட்டைக்கு எவ்வளவு?" என்று அவர் பையில் கைவிட்டார். குரலில் பேரத்துக்கான ஆயத்தம் இருந்தது.

அக்கா ஊசியை வாயில் கவ்வியபடி பலகையைக் காட்டினாள். பத்தொன்பது வரிக்குக் கீழே, பெயிண்ட் இன்னும் சரியாகக் காயாத இருபதாவது வரி இருந்தது: சாவிப் பட்டை, வலது சுவரில் தொங்கும் சாவிக்கு, கூலி இல்லை.